பயிலரங்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது: மூன்று விதிகள், ஒரே கணக்கு

ஜூன் 20, 21 தேதிகளில் மண்பாண்டப் பயிலரங்கு நடத்துவதாகக் கொள்வோம். 12 இடங்கள், ஆளுக்கு 3,000 ரூபாய். கூடத்தின் வாடகையும் ஆசிரியர் சம்பளமும் சேர்த்து 20,000 ரூபாய்; ஒருவர் வந்தாலும் அதே செலவுதான். களிமண்ணுக்கும் சூளைக்கும் ஆளுக்கு 500 ரூபாய். எத்தனை பேருக்கு வேண்டும் என்பதை ஜூன் 10 அன்று சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் மதியச் சாப்பாடு ஆளுக்கு 400 ரூபாய். எத்தனை பேர் என்று சமையல்காரரிடம் ஜூன் 18க்குள் சொன்னால் போதும். எல்லோரும் வந்தால் 5,200 ரூபாய் மிஞ்சும்.

ஜூன் 14 அன்று மூன்று பேர் வரவில்லை என்கிறார்கள்.

கடைசி நாள் வரை முழுத்தொகையும் திருப்பித் தரும் விதி என்றால், கையில் 27,000 ரூபாய், செலவு 29,600. நடத்துபவருக்கு 2,600 ரூபாய் நஷ்டம். கேட்க நல்ல விதிதான்; சிறிய பயிலரங்கு இதைத் தாங்காது.

பணம் திரும்பாது என்ற விதி காகிதத்தில் லாபமாகத் தெரியும். அந்த மூவரும் சொல்லிவிட்டால் சாப்பாட்டுச் செலவு குறைந்து 6,400 ரூபாய் மிஞ்சும். எல்லோரும் வருவதைவிட அதிகம்! ஆனால் ஒரு பைசாவும் திரும்பாது என்றால் அவர்கள் எதற்குச் சொல்லப் போகிறார்கள்? சாப்பாடு வீணாகும். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் காலியாகவே கிடக்கும். எனக்கு இந்த விதி அறவே பிடிக்கவில்லை.

மூன்றாவது, படிப்படியாகக் குறையும் விதி. ஜூன் 10 வரை முழுத்தொகை, 18 வரை பாதி, அதன்பின் இல்லை. மூவருக்கும் பாதி கொடுத்தாலும் நடத்துபவருக்கு 1,900 ரூபாய் மிஞ்சும். பாதியாவது திரும்புகிறதே என்று அவர்களும் முன்கூட்டியே சொல்வார்கள். நான் பரிந்துரைப்பது இதைத்தான். கெடுத் தேதிகளை ஊர் வழக்கம் பார்த்து வைக்காமல், நம் பணம் கையைவிட்டுப் போகும் நாளைப் பார்த்து வைக்க வேண்டும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. விலகியவரின் இடத்தில் காத்திருப்பவர் சேர்ந்தால், ஒரே நாற்காலிக்கு 4,500 ரூபாய் வாங்கியதாகிறது. அது நியாயமில்லை. இடம் நிரம்பினால் விலகியவருக்கு மீதியையும் கொடுத்துவிடலாம். இணையவழிக் கட்டணச் சேவை பிடித்துக்கொண்ட தொகையை மட்டும் கழிக்கலாம். 2 சதவீதமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் என்றால் அது 70 ரூபாய் 80 பைசா. பணத்தைத் திருப்பினாலும் அந்தத் தொகை பொதுவாகத் திரும்பி வராது. நடத்துபவரே பயிலரங்கை ரத்து செய்தால் அதையும் கழிக்கக் கூடாது.

விதியை எழுதும்போது ‘பத்து நாள் முன்பு’ என்று எழுதினால், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சண்டை வரும். ‘ஜூன் 10, இரவு 9 மணிக்குள் மின்னஞ்சல் வந்து சேர வேண்டும்’ என்று எழுதி, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே வையுங்கள்.