வங்கி நம்பரிலிருந்தே போன் வந்தாலும் நம்பாதீர்கள்: காவேரிப்பட்டணத்தில் 84,999 ரூபாய் போன கதை

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். சீசனில் குத்தகைப் பணம் கணக்கில் ஏறியிருக்கும் நேரத்தில் இந்த மாதிரி போன் வந்தால் சேதம் பெரிதாக இருக்கும்.

ஏமாந்தது காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் மாமனார். கார்டு நம்பரைக் கேட்டு யாராவது போன் செய்தால் திட்டிவிட்டு வைக்கிற ஆள். அவரே மாட்டியதற்குக் காரணம், போன் திரையில் வங்கியின் பெயர் வந்ததுதான். பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் 1800 என்று தொடங்கும் இலவச எண்ணை அவர் போனில் வங்கி பெயரிலேயே சேமித்து வைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை மதியம் அந்தப் பெயரிலேயே ரிங் வந்தது.

பேசியது ஒரு பெண், நல்ல தமிழில். "ஐயா, உங்க கார்டுல இருந்து 45,000 ரூபாய்க்கு யாரோ பொருள் வாங்கப் பாக்குறாங்க, நீங்கதானா?" இல்லை என்றார் மாமா. "அப்ப உடனே நிறுத்திடலாம்." அவருக்குச் சந்தேகம் வந்து, நீ யாரும்மா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அந்தப் பெண், "பாஸ்புக்கை எடுத்து நம்பரைச் சரிபாருங்க ஐயா, நான் லைன்லயே இருக்கேன்" என்றாளாம். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகு கார்டை முடக்குவதற்கு என்று சொல்லி 16 இலக்க எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம், கடைசியாக 'ரத்து எண்' என்று ஓடிபி, எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். "இன்னொரு முயற்சி நடக்குது" என்று இரண்டாவது ஓடிபியும் கேட்டாள். முதலில் 45,000, அடுத்து 39,999 போய்விட்டது.

அந்த எஸ்எம்எஸ்களை அப்புறம் திறந்து பார்த்தேன். ஓடிபிக்கு முன்னால் `INR 45000.00` என்ற தொகையும், எந்தக் கடைக்கு என்ற பெயரும் இருந்தன. ரத்து என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் வாசகம் முழுக்க ஆங்கிலம். மாமாவுக்கு அதில் தெரிந்தது ஆறு இலக்கம் மட்டும்தான்.

சரி, வங்கி நம்பர் எப்படி வந்தது? நம் சிம்மிலிருந்து நாம் கூப்பிட்டால் எண்ணை நெட்வொர்க்கே சேர்த்து அனுப்பும், நாம் மாற்ற முடியாது. இணையம் வழியாக அழைப்பு அனுப்பும் அமைப்புகளில் 'அழைப்பவர் எண்' என்ற இடத்தை அனுப்புகிறவரே நிரப்பலாம். நூறு இணைப்பு உள்ள ஒரு அலுவலகம், எல்லா அழைப்பிலும் தன் பொது எண்ணே தெரியட்டும் என்று வைத்துக்கொள்ள வந்த நியாயமான வசதி அது. அந்த எண் அவருடையதுதானா என்று முதல் நெட்வொர்க் சரிபார்க்க வேண்டும். அங்கே கோட்டை விட்டால் அடுத்தடுத்த நெட்வொர்க்குகள் வந்ததை அப்படியே கடத்தும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் கவரில் இருக்கும் பெயரைத்தான் நோட்டில் ஏற்றுவார், கொடுத்தவரின் ஆதாரைக் கேட்பதில்லை. நம் போனும் அப்படித்தான்.

வெளிநாட்டிலிருந்து +91 எண்ணைப் போலியாகப் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கியதாக அறிவித்தார்கள். அப்படியிருந்தும் மாமாவுக்கு வந்தது எப்படி என்று அழைப்புப் பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி முழு எண்ணைப் பார்த்தேன். எண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி இருந்தது. விஷயமே அதில்தான்.

நம் இலவச எண் 1800, அப்புறம் பெரும்பாலும் ஏழு இலக்கம். +1 என்பது அமெரிக்கா, கனடா பக்கத்து நாட்டுக் குறியீடு, அங்கே இலவச எண்கள் தொடங்குவது 800-ல். ஆக +1, 800, ஏழு இலக்கம் என்று போட்டால் நம் வங்கி எண்ணின் அதே பதினொரு இலக்கமும் அதே வரிசையில் வந்துவிடும். வித்தியாசம் அந்தக் கூட்டல் குறி மட்டும்தான். அது +91 இல்லாததால், இந்திய எண் வேடத்தைப் பிடிக்க வைத்த அந்தச் சல்லடையில் இது மாட்டாது. அதோடு பல ஆண்ட்ராய்டு போன்கள் கடைசிச் சில இலக்கங்கள் ஒத்துப்போனாலே சேமித்த பெயரைக் காட்டிவிடும். திரையில் வந்த வங்கிப் பெயரை வங்கியும் அனுப்பவில்லை, திருடனும் அனுப்பவில்லை. அது எங்கள் போனிலேயே இருந்த பெயர்.

இன்னொன்று. 1800 எண் நாம் கூப்பிடுவதற்கானது. அது உள்ளே வேறொரு சாதாரண இணைப்புக்குத் திருப்பிவிடும் எண், அதற்கென்று தனியாக ஒரு போன் லைன் கிடையாது. வங்கிகள் சேவை சம்பந்தமாகக் கூப்பிட 1600 என்று தொடங்கும் எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதனால் 1800-லிருந்து உள்ளே வரும் அழைப்பே சந்தேகத்துக்குரியது. அதற்காக 1600 என்று பார்த்ததும் மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது.

பேச்சை வைத்து உண்மை பொய் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திக் கூப்பிடுங்கள். போலி எண் காட்டுகிறவன் வரும் அழைப்பில்தான் வேடம் போட முடியும், நீங்கள் அழுத்தும் எண் உண்மையான வங்கிக்குத்தான் போகும். அழைப்புப் பட்டியலில் இருப்பதைத் தொட்டு மட்டும் கூப்பிட வேண்டாம். கூட்டல் குறியோடு அது அமெரிக்காவுக்குப் போகும், காசும் பிடிக்கும்.

அன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. "மாப்பிள்ளை, பேங்க்ல கார்டை நிறுத்திட்டாங்க, ஆனா பணம் குறைஞ்சிருக்கு" என்றார். முதலில் வங்கியைக் கூப்பிட்டு கார்டை நிஜமாகவே முடக்கி, புகார் எண் வாங்கினேன். பிறகு சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930. கணக்கு எண், இரண்டு பரிவர்த்தனை எண்கள், நேரம், தொகை கேட்டார்கள். எஸ்எம்எஸ்களை அழிக்காமல் வைத்திருந்ததால் உடனே சொல்ல முடிந்தது. 39,999 ஒரு வாலட்டில் இருந்தபடியே முடக்கப்பட்டது. 45,000 அதற்குள் கைமாறிப் போயிருந்தது.

திங்கட்கிழமை கிளையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். "எங்க நம்பர்ல இருந்து வரவே வராது சார்" என்று ஒரே பிடியாகப் பிடித்தார்கள். திரையைக் காட்டியும் அந்த அதிகாரி குனிந்து பார்க்கவில்லை. ஓடிபி நீங்கள்தானே கொடுத்தீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். விதி அவர் பக்கம்தான். 2017 ஜூலை ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை வாடிக்கையாளர் பகிர்ந்ததால் போன பணம், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளர் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கிப் பொறுப்பு. அதனால்தான் புகார் கொடுத்த நேரம் பதிவாவது முக்கியம். ஆனால் தங்கள் எண்ணை வைத்தே ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று ஒருவர் வந்து சொல்லும்போது, கவுண்டரில் ஒரு அறிவிப்பாவது ஒட்டியிருக்கலாம்.

முடக்கிய தொகை இன்னும் கைக்கு வரவில்லை. வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்கலாம், கொடுக்கத்தான் போகிறேன். பர்கூர், போச்சம்பள்ளி, பாலக்கோடு பக்கம் யாருக்காவது இதே மாதிரி வந்திருந்தால், பணம் போகாவிட்டாலும், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மோசடி அழைப்புகளைத் தெரிவிப்பதற்கென்று இருக்கும் சக்ஷு பகுதியில் பதிவு செய்யுங்கள். எண்ணை எழுதும்போது முன்னால் இருக்கும் + குறியை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் புகார் உண்மையான வங்கி எண்ணின் மேல் போய் நிற்கும்.