தருமபுரியில் பதினோரு ஆண்டு: காய்ச்சிய தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும்

2014இல் தருமபுரியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும். அது தரைத்தொட்டியில் விழும். போர் தண்ணீரும் அதே தொட்டியில்தான் விழும். சமையலறைக் குழாயில் வருவது இரண்டும் கலந்த தண்ணீர். எந்த நாளில் எது எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாது.

ஏழு ஆண்டுகள் அதைக் காய்ச்சித்தான் குடித்தோம். என் அம்மா அண்டாவில் ஐந்து லிட்டர் ஊற்றி, நான்கு லிட்டராகச் சுண்டும்வரை அடுப்பை அணைக்கமாட்டார். பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படியும். "பார், உப்பெல்லாம் அடியில் நின்றுவிட்டது" என்பார். நானும் நம்பினேன்.

2021இல் மகளுக்கு எட்டு வயது. புதிதாக முளைத்த முன்பற்களில் சுண்ணாம்பு பூசியது போல் வெண்கோடுகள், ஓரிடத்தில் இளம்பழுப்பு. பல் மருத்துவர் முதலில் கேட்டதே, "வீட்டில் போர் தண்ணீரா?" என்றுதான். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு உடலில் அதிகம் சேர்ந்தால் எனாமலில் இந்தக் கறை விழும். துலக்கினால் போகாது.

மறுநாளே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு பிளாஸ்டிக் பாட்டில்களில் தனித்தனியாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபுளோரைடு போர் தண்ணீரில் லிட்டருக்கு 3.2 மில்லிகிராம், நேரடியாகத் தெருக்குழாயில் பிடித்ததில் 0.4. இந்தியத் தரத்தின்படி 1 வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் அம்மாவின் அண்டா எனக்குப் புரிந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணீர் மட்டும் போய்விடும். ஐந்து லிட்டர் நான்காகச் சுண்டினால் 3.2 என்பது ஏறக்குறைய 4 ஆகிவிடும். அடியில் படிந்தது கடினநீரின் சுண்ணாம்பு. அவர் அக்கறையோடு செய்த வேலையே பிள்ளைக்குக் கெடுதலாக முடிந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கடையில் முதலில் காட்டியது புற ஊதாக் கதிர் இயந்திரம். அதுவும் கிருமியைத்தான் கொல்லும். கேண்டில் ஃபில்டரும் கலங்கலைத்தான் நிறுத்தும். வீட்டில் ஃபுளோரைடைக் குறைக்கச் சுலபமாகக் கிடைப்பது ஆர்.ஓ. இயந்திரம்தான். அதை வாங்கினோம்.

பொருத்தியவர் "தண்ணீர் சப்பென்று இருக்கும், கொஞ்சம் ருசி வைக்கிறேன்" என்று ஒரு திருகைத் திறந்துவிட்டுப் போனார். ஓராண்டு கழித்துச் சோதித்தால், வடிகட்டிய தண்ணீரிலேயே ஃபுளோரைடு 1.1! கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரில் போர் தண்ணீர் 1100, இயந்திரத் தண்ணீர் 370. அந்தத் திருகு வடிகட்டாத தண்ணீரைத் திருப்பிக் கலக்கும் வழி. முழுதாக மூடியதும் மீட்டர் 60க்கு இறங்கியது. மறு ஆய்வில் ஃபுளோரைடு 0.2. வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் முதலில் இந்தத் திருகைப் பாருங்கள். மீட்டர் ஃபுளோரைடைக் காட்டாது, கிருமியையும் காட்டாது. ஆனால் 60 இருந்த இடத்தில் 150, 200 என்று ஏறினால் இயந்திரத்துக்குள் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். நான் இதுவரை இருமுறை மாற்றியிருக்கிறேன்.

இன்னொரு தவறும் செய்தோம். குடிக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீர், சோறும் குழம்பும் காப்பியும் குழாய்த் தண்ணீரில். அரிசி உறிஞ்சும் தண்ணீரோடு ஃபுளோரைடும் உள்ளே போகிறது. இப்போது உலைக்கும் வடிகட்டியதுதான். கழிவுக் குழாயில் வருவது இன்னும் செறிவானது. அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்கிறோம், மாட்டுக்குக் காட்டுவதில்லை.

சரி, அப்படியானால் காய்ச்சவே வேண்டாமா? ஒகேனக்கல் தண்ணீருக்குக் காய்ச்சுவதுதான் சரி. அதில் ஃபுளோரைடு குறைவு, அதை ஆர்.ஓ.வில் விட்டுப் பாதிக்குமேல் சாக்கடைக்கு அனுப்புவது வீண். அதன் சிக்கல் வேறு. விட்டுவிட்டு வரும் குழாய் காலியாக இருக்கும்போது, விரிசல் வழியே வெளியே தேங்கிய அழுக்கு உள்ளே இழுக்கப்படும். அதனால் முதல் பத்து நிமிடக் கலங்கலை விட்டுவிட்டு, தரைத்தொட்டிக்குள் விடாமல் நேராகக் குடத்தில் பிடிக்கிறோம். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு அணைத்து, மூடி, அதே பாத்திரத்தில் ஆறவிடுகிறோம். சுண்டவிடுவதில்லை. குழாய் வைத்த பாத்திரம் என்பதால் யாரும் கைவிட்டு மொள்வதும் இல்லை. அந்தத் தண்ணீர் தீர்ந்த நாட்களில்தான் இயந்திரம் ஓடும்.

போர் தண்ணீரை ஆண்டுக்கு இருமுறை ஆய்வுக்குக் கொடுக்கிறேன், கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று. இயந்திரம் வந்தபோது மகனுக்கு இரண்டு வயது. இந்த ஆண்டு அவனுக்கு முன்பற்கள் முளைத்திருக்கின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வெண்கோடு ஒன்று தெரிகிறது. பழுப்பு இல்லை.