தீபாவளி முறுக்கு வீடியோ: ஆறு வாரம் முன்பா, பண்டிகை வாரத்திலா, பழையதைப் புதுப்பிப்பதா?

சிங்கப்பூரில் ஒரு குடும்பம் நடத்தும் சமையல் சேனலை எடுத்துக்கொள்வோம். 2024-ல் வெளியிட்ட முறுக்கு வீடியோ ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. இப்போது அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. செப்டம்பர் இறுதியிலேயே புதிய வீடியோவை வெளியிடலாம், பண்டிகை வாரத்தில் வெளியிடலாம், அல்லது புதிதாக எதையும் எடுக்காமல் பழைய வீடியோவையே சீர்செய்து முன்னிறுத்தலாம்.

எது நல்லது என்பதை முடிவு செய்வதற்கு முன், மக்கள் முறுக்கை எப்போது தேடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வார இறுதியில்தான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பார்கள். எனவே அக்டோபர் 24–25, அக்டோபர் 31–நவம்பர் 1 ஆகிய இரு வார இறுதிகளும்தான் முறுக்குக்கு முக்கியமானவை. நவம்பர் 7 பலருக்கு வீட்டைச் சுத்தம் செய்வதிலும் கடைசி நேரக் கடை அலைச்சலிலும் போய்விடும். செய்முறையைத் தேடுவது அதற்கும் சில நாள் முன்பு, மாவு வாங்கப் போகும் நேரத்தில் நடக்கும். கோலமோ வாழ்த்தோ அப்படியல்ல, அவற்றைக் கடைசி இரண்டு நாளில்தான் தேடுவார்கள். ஆகவே பண்டிகைக்கு இத்தனை வாரம் முன்பு என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்கு வைப்பது சரிவராது.

இதைச் சரிபார்க்க கூகுள் டிரெண்ட்ஸ் போதும். இடமாகச் சிங்கப்பூரையும், தேடல் வகையாக YouTube Search என்பதையும் தேர்ந்தெடுத்து, murukku என்று தட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் தட்டினால் சிங்கப்பூருக்குப் பெரும்பாலும் சுழியமே காட்டும். யாரும் தேடவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது, அளவிடப் போதுமான எண்ணிக்கை இல்லை என்பதே பொருள். அங்கு வரும் எண்கள் தேடல்களின் எண்ணிக்கையல்ல. நீங்கள் தேர்ந்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து, மற்ற நாள்களை அதனோடு ஒப்பிட்டுத் தருகிறார்கள். ஓராண்டு முழுவதையும் கேட்டால் வாரக் கணக்கில்தான் வரும் என்பதால், பண்டிகைக்கு முந்தைய அறுபது நாள்களை மட்டும் கேட்டு நாள்கணக்கில் பார்ப்பது நல்லது. முறுக்கு இங்கே சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் விற்கப்படும் பண்டம் என்பதால், ஆண்டு வரைபடத்தில் வேறு மேடுகள் தெரிந்தாலும் குழம்ப வேண்டியதில்லை.

பலர் சறுக்குவது தேதியில்தான். தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. சென்ற ஆண்டு செப்டம்பர் 20-ல் வெளியிட்டது நன்றாக ஓடியது என்று இந்த ஆண்டும் அதே நாளில் வெளியிட்டால், அப்போது முப்பது நாள் முன்பாக இருந்தது இப்போது நாற்பத்தொன்பது நாள் முன்பாகிவிடும். நாள்காட்டித் தேதியை விட்டுவிட்டு, பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு என்று குறித்து, இரண்டு மூன்று ஆண்டுகளின் வரைபடங்களை அந்தக் கணக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால்தான் ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்பது புலப்படும். உச்சத்தின் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 20-ஐ, வரைபடம் தாண்டும் நாளைத் தொடக்கமாகக் கொள்வது என் வழக்கம்.

முதல் வழியின் பலம், தேடல் கூடும்போது வீடியோ அங்கே பழகியிருக்கும் என்பது. தேடலில் ஒரு வீடியோவைக் காட்ட, தலைப்பும் விளக்கமும் கேள்விக்குப் பொருந்துகின்றனவா என்பதோடு, அதே கேள்வியைக் கேட்டு வந்தவர்கள் அதை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் யூடியூப் கவனிக்கிறது. அந்தச் சான்று சேர நாள் பிடிக்கும். இத்தனை நாள் என்று நிலையான விதி எதுவும் கிடையாது. ஏற்றம் தொடங்குவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்பு வெளியிட்டால் போதும் என்பது என் கணிப்பு. ஆறு வாரம் முன்பு என்றால் செப்டம்பர் 27. அப்போது நவராத்திரியே வந்திருக்காது. சுண்டல் தேடப்போகும் சந்தாதாரர்களின் முகப்பில் முறுக்கு வந்து நின்றால் கடந்து போய்விடுவார்கள். அதனால் தேடலில் கெடுதல் ஒன்றும் இல்லை என்றாலும், முதல் வாரத்து எண்ணிக்கையைக் கண்டு சோர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் தலைப்பையும் முகப்புப் படத்தையும் தேவையின்றி மாற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. அக்டோபர் 10 வாக்கில் வெளியிடுவது நடுநிலையான தேர்வு.

இரண்டாம் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நவம்பர் முதல் வாரத்தில் முறுக்குச் செய்முறை வெளியிடுவது, சுட்டு முடித்தவர்களுக்குப் பாடம் எடுப்பதாகும். லிட்டில் இந்தியா ஒளியூட்டு, தேக்கா கடைத்தெரு நெரிசல் போன்ற காட்சிகளுக்குத்தான் அந்த வாரம் ஏற்றது. முறுக்கிலும் ஒரு விலக்கு உண்டு. கடைசி வாரத்தில் கேள்வியின் முகமே மாறுகிறது: செய்முறை கேட்டவர்கள் இப்போது முறுக்கு ஏன் பிழியும்போது உடைகிறது, ஏன் எண்ணெய் குடிக்கிறது, ஏன் கல்லாய் இருக்கிறது என்று கேட்கிறார்கள். மாவு வறண்டிருப்பது, எண்ணெய் போதிய சூடு ஏறாதது, வெண்ணெய் குறைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடக் குறுங்காணொளி செய்து வைத்துக்கொண்டால் அக்டோபர் 29 முதல் வெளியிடலாம். ஒவ்வொன்றையும் முழு வீடியோவோடு இணைத்துவிடலாம்.

மூன்றாம் வழியைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பழைய வீடியோவுக்குத் தேடலில் ஏற்கெனவே இடம் இருந்தால், அதோடு போட்டியிடப் புதிதாக இன்னொன்றை இறக்குவதில் லாபம் குறைவு. இருக்கிறதா என்று பார்க்க, யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் பார்வைகள் எங்கிருந்து வந்தன என்ற பகுதியைத் திறந்து, 2025 தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிவந்து ஓராண்டு ஆன பின்பும் யூடியூப் தேடல் வழியாகப் பார்வைகள் எழுந்து அடங்கியிருந்தால், அந்த வீடியோ உயிரோடு இருக்கிறது. வெளியிட்ட சமயத்துப் பார்வைகள் முகப்புப் பக்கத்திலிருந்து மட்டுமே வந்து, பிறகு தேடலில் ஒன்றுமே இல்லையென்றால் அதைப் புதுப்பித்துப் பயனில்லை.

புதுப்பிப்பதற்கும் எல்லை உண்டு. அதே முகவரியில் வேறு வீடியோக் கோப்பை ஏற்ற முடியாது. தேவையற்ற பகுதியை வெட்டலாம், தலைப்பு, முகப்புப் படம், விளக்கம், நேரக்குறிப்புகள், பொருத்திய கருத்து ஆகியவற்றை மாற்றலாம். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் சேர்ந்திருந்த பார்வையும் கருத்துகளும் போய்விடும். தலைப்பில் 2024 என்று இருந்தால் அந்த எண்ணை மட்டும் நீக்கி, தேடலில் எடுபட்ட சொற்களைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. இந்த வேலையை அக்டோபர் முதல் வாரத்தில் முடித்துவிட வேண்டும்.

நம் குடும்பச் சேனலுக்கு வருவோம். பழைய வீடியோவுக்கு 2025-ல் தேடல் வழிப் பார்வை இருந்திருந்தால், நான் மூன்றாம் வழியைத் தேர்ந்து, மிச்சமாகும் ஒரு நாள் படப்பிடிப்பில் மேலே சொன்ன குறுங்காணொளிகளை எடுப்பேன். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஒரே மாவைக் கெடுத்தும் திருத்தியும் காட்ட ஒரு பகல் போதும். தேடல் வழிப் பார்வை இல்லையென்றால், செப்டம்பரில் புதிதாகப் படம்பிடித்து அக்டோபர் 10-க்கு நேரம் குறித்து ஏற்றி வைக்க வேண்டியதுதான். அந்த வீடியோவில் ஒளியூட்டுக் காட்சியையோ ஆண்டையோ சேர்க்காமல் விட்டால், அடுத்த தீபாவளிக்கு மூன்றாம் வழியும் அவர்களுக்குத் திறந்திருக்கும்.