எதிர்ப்புடன் வாங்குவதா, காசோலையைத் திருப்புவதா?

பினாங்கில் மின்கம்பி வேலை முடித்த ஒருவருக்கு 18,400 ரிங்கிட் வர வேண்டியிருக்க, "முழு இறுதித் தீர்வு" என்ற கடிதத்துடன் 11,000 ரிங்கிட் காசோலை வருவதாகக் கொள்வோம்.

திருப்பியனுப்பினால் கடன் முழுதாக நிற்கும். பணம்தான் கையில் இராது.

வங்கியில் போட்டால் பணம் உண்டு, சிக்கலும் உண்டு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, குறைந்த தொகையை முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுக்கொண்டவர் மீதியைக் கேட்க முடியாது. ஆகவே, "இதைப் பகுதித் தொகையாகவே பெறுகிறேன், மீதி 7,400 ரிங்கிட்டுக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்ற கடிதம், காசோலையைப் போடுவதற்கு முன்பே அதை அனுப்பியவர்களைச் சேர வேண்டும், மூன்று வாரம் கழித்து எழுதினால், ஏற்றுக்கொண்டுவிட்டு மனம் மாறியதாகவே தோன்றும்.

"ஏற்கவில்லையெனில் திருப்பித் தரவும்" என்று அவர்கள் தெளிவாக எழுதியிருந்தால், எதிர்ப்புக் கடிதமும் காப்பாற்றாமல் போகலாம். அப்போது நான் திருப்பவே சொல்வேன்.