5½ கட்டைக்குக் கேப்போவை எங்கே போடுவது?

வெள்ளவத்தைப் பக்கம் கர்நாடக சங்கீதம் படித்த ஒருவர் கிட்டாரோடு பாட வந்தால், ஜி, ஏ என்று கேட்க மாட்டார். "எனக்கு 5½ கட்டை" என்பார். 1 கட்டை சி, 5 கட்டை ஜி. ஆகவே 5½ என்பது ஜி ஷார்ப். பெண் குரலுக்கு அது சாதாரணமான சுருதி. கிட்டார்காரருக்குத்தான் அங்கே தலையிடி, ஏனென்றால் அந்தச் சுருதியில் திறந்த தந்தியோடு பிடிக்கும் சுலபமான கோர்ட் ஒன்றுமே இல்லை.

மச்சாள் ஒருத்தி, ஆண் குரலில் 1 கட்டையில் வந்த பாட்டு ஒன்றைப் பாடப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கிட்டார்காரருக்குத் தெரிந்தது சி, ஏ மைனர், எஃப், ஜி. கிட்டார்க் கழுத்தில் எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்விதான் கேப்போ. அதை ஒரு ஃபிரெட் தள்ளினால் அரைக் கட்டையளவு, அதாவது ஒரு ஸ்வர ஸ்தானம், ஏறும். சி யிலிருந்து ஜி ஷார்ப்புக்கு எட்டு ஸ்தானம். அதனால் பலர் யோசிக்காமல் 8ஆம் ஃபிரெட்டில் மாட்டிவிட்டு அதே விரல்களைத் தொடர்கிறார்கள்.

கணக்கு சரி, பாட்டுக்குச் சரியில்லை. தந்தி மூன்றில் இரண்டு பங்கிலும் குறைந்துவிடுகிறது, விரல்களும் நெருக்குப்படும். அதைவிடப் பெரிய குறை வேறு. அங்கே சி வடிவ கோர்ட்டின் அடிஸ்வரம் மச்சாளின் மத்திய ஸட்ஜம் இருக்கும் அதே இடத்தில் விழுகிறது. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அதற்கு மேலே. குரல் நடமாடும் இடம் முழுவதையும் கிட்டார் பிடித்துக்கொள்ள, அடியில் தாங்க ஒன்றும் இல்லை.

அதே சுருதியை ஜி, இ மைனர், சி, டி என்று பிடித்துக் கேப்போவை 1ஆம் ஃபிரெட்டில் போட்டும் எடுக்கலாம். இப்போது அடிஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். தடித்த தந்திகள் குரலுக்குக் கீழே நிற்கும், குரல் மேலே தெளிவாகக் கேட்கும். ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் பார் கோர்ட்டும் வேண்டாம். நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன்.

4ஆம் ஃபிரெட்டில் போட்டு இ மேஜர் வடிவத்தில் வாசிப்பது மூன்றாவது வழி. அடிஸ்வரம் அதே ஆழத்தில்தான் இருக்கும், ஒலியும் கனமாக நன்றாக இருக்கும். ஆனால் சி ஷார்ப் மைனருக்கும் பி க்கும் பார் பிடிக்க வேண்டும். கை பழகியவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

கேப்போவே இல்லாமல் எல்லாத் தந்தியையும் அரைக் கட்டை இறக்கி, ஏ வடிவத்தில் வாசிப்பவர்களும் உண்டு. ஒரே பாடகர் மாலை முழுக்கப் பாடினால் அதுவும் நல்லதே. ஆள் மாறினால் ஆறு தந்தியையும் மறுபடி சேர்க்க வேண்டும்.

கேப்போ உண்மையில் வெல்வது பயிற்சியின்போது. ஜி வடிவத்தில் கேப்போ இல்லாமல் வாசித்தால் 5 கட்டை, 1ஆம் ஃபிரெட்டில் 5½, 2இல் 6. விரல் மாறாமலே மூன்றையும் பாடிப் பார்க்கலாம். பல்லவியை மட்டும் பாடி முடிவெடுக்கக் கூடாது. பாட்டின் அடிமட்ட வரியையும் உச்ச வரியையும் சேர்த்துப் பாட வேண்டும். நம் பாட்டு மந்திர பஞ்சமம் வரை இறங்கி, தார ரிஷபம் வரை ஏறுகிறது. 5இல் பாடும்போது கீழ்ப் பஞ்சமம் வெறும் காற்றாகிவிட்டது, "கொஞ்சம் ஏத்துங்கோ" என்றாள் மச்சாள். 6இல் கீழே சரி, ஆனால் மேல் ரிஷபத்தில் தாடை இறுகியது. 5½இல் இரண்டும் நின்றன.

சுருதிப் பெட்டியை ஓடவிட்டு ஒருமுறை சரிபாருங்கள். கேப்போ அதிகமாக அழுத்தினால் தந்தி, முக்கியமாகத் தடித்த தந்தி, சற்று ஏறிவிடும். பெட்டியோடு சேர்த்து மீட்டும்போது ஒலி அலைஅலையாய் ஆடினால் அதுதான் காரணம். ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டினாற்போல் மாட்டினால் குறைந்த அழுத்தமே போதும். தள்ளி மாட்டினால் தந்தி இரையும்.

இனி, இறக்க வேண்டி வந்தால்? கேப்போ ஏற்றத்தான் செய்யும். டி யில் உள்ள பாட்டை ஒரு தம்பி 1 கட்டைக்கு இறக்கிக் கேட்டால், சி வடிவத்தைக் கேப்போ இல்லாமல் பிடிக்கலாம், அல்லது ஜி வடிவத்தை 5ஆம் ஃபிரெட்டில் பிடிக்கலாம். இரண்டாவதில் எஃப்பின் தொல்லை இல்லை. ஆனால் எஃப், ஜி ஆக ஒலிக்கும் கோர்ட்டுகளின் அடிஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போய், ஆண் குரலோடு இடிபடும். இந்த இடத்தில் எஃப்பைப் பழகிக்கொள்ளச் சொல்வேன். முழுப் பார் வராவிட்டால் நான்கு தந்தியில் பிடிக்கும் எஃப்பே ஆரம்பத்துக்குப் போதும்.