நாலு பேட்டரியில் ஒன்று சொத்தை, போனது 46,000 ரூபாய்: ஊட்டியில் இ-ஆட்டோ ஓட்டுபவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரி கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். இனிமேல் போனில் கெஞ்சிப் பேச வழியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். 46,000 ரூபாய். என் பழைய பேட்டரி நாலையும் எடுத்துக்கொண்டு, அதற்கான விலையைக் கழித்தது போக நான் கையில் எண்ணிக் கொடுத்த பணம் அது. கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்து எடுத்த பணம். இன்றைக்கு என் வண்டி சேரிங்கிராஸிலிருந்து ரோஜா பூங்கா மேட்டைக்கூட முழுசாக ஏறுவதில்லை.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் ஒரு பேட்டரிக் கடை. கார், இன்வெர்ட்டர், ஆட்டோ எல்லாவற்றுக்கும் விற்பார்கள். எங்கள் ஸ்டாண்டில் இருவர் அங்கேதான் வாங்கியிருந்தார்கள், அதை நம்பித்தான் போனேன்.

என் வண்டி 48 வோல்ட். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நாலு, பின்சீட்டுக்கு அடியில் சீரிஸில் மாட்டியிருக்கும். அக்டோபரில் புது செட் வாங்கினேன். பழையதைக் கழித்தது போக ஒன்று 11,500 வீதம் நாலு. நான் ஏமாந்த இடத்தைச் சரியாகச் சொல்கிறேன். கடைக்காரர் நாலையும் கீழே வரிசையாக வைத்தார். மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொன்றிலும் முள்ளை வைத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 12.7, 12.7, 12.8, 12.7. "நீங்களே பாருங்க தம்பி, நாலும் ஒரே மாதிரி, அச்சு அசல் புதுசு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். "நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் மேலேயிருந்து வந்திருக்கார், ஏமாத்துவேனா?" என்றார். அந்த நாலு எண்ணையும் பார்த்ததும் என் மனசு நிறைந்துவிட்டது. ஒன்பது மாத வாரண்டி கார்டு கொடுத்தார். பில் போட்டால் வரி சேரும் என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டில் 46,000 என்று எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சும்மா நிற்கும் பேட்டரியில் மீட்டர் காட்டும் 12.7 எதையும் நிரூபிப்பதில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பல மாதம் சார்ஜ் இல்லாமல் மூலையில் கிடந்த பேட்டரியை முந்தின நாள் ராத்திரி சார்ஜில் போட்டாலும் காலையில் அது 12.7 காட்டும். உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப் போயிருந்தால், லோடு வைக்கும்போதுதான் அதன் வேஷம் கலையும். லோட் டெஸ்டர் வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி கரண்டை இழுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அந்தக் கருவி கடைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை, அவர் எடுக்கவும் இல்லை.

பழைய செட் புதிதாக இருந்தபோது இந்த மேடு பள்ளத்திலேயே 60 கிலோமீட்டர் ஓடியது. புது செட் முதல் வாரம் 50 ஓடியது. போன் செய்தேன். "புது பேட்டரி ஓட ஓடத்தான் ஏறும், இருபது முப்பது சார்ஜ் போகட்டும்" என்றார். இதில் பாதி உண்மை. புது லெட் ஆசிட் பேட்டரி முதல் சில சார்ஜுகளில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்தப் பாதி உண்மையை வைத்தே என்னை ஒரு மாதம் ஓட்டிவிட்டார். நவம்பரில் 40, டிசம்பரில் 28. மறுபடி போன் செய்தேன். "ஊட்டிக் குளிர் தம்பி, பேட்டரி விறைச்சுப் போகும், நாங்க என்ன செய்ய?" அடுத்த முறை, "மேட்டுல ஏத்துறீங்க, ஆளை அள்ளிப் போடுறீங்க." அதற்கு அடுத்த முறை, "உங்க சார்ஜர் சரியில்லை." கடைசியில் அவர் போனை எடுப்பதே இல்லை, கடைப் பையன்தான் எடுப்பான். "ஓனர் வெளியே போயிருக்கார் அண்ணா."

இதற்கிடையில் நான் ஒரு முட்டாள்தனமான சந்தோஷத்தில் வேறு இருந்தேன். முன்பெல்லாம் சார்ஜர் பச்சை விளக்கு காட்ட ராத்திரி முழுக்க எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். இந்த செட்டுக்கு ஐந்து மணி நேரத்தில் பச்சை வந்துவிட்டது. கரண்ட் மிச்சம் என்று வீட்டில் சொன்னேன். அது மிச்சம் இல்லை, நோய். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஜனவரி முதல் வாரம், காந்தலிலிருந்து ஒரு பாட்டியையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு போனபோது மேட்டின் நடுவில் வண்டி இழுவை போய் நின்றது. ஐந்து நிமிடம் ஓரமாக நின்றோம். மறுபடி உயிர் வந்து நூறு மீட்டர் போனது, மறுபடி நின்றது. அந்தப் பாட்டி கைத்தடியோடு இறங்கி மிச்ச மேட்டை நடந்து போனார். காசு வாங்க எனக்கு மனசில்லை, அவரே என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு சாயங்காலம் எனக்குத் தெரிந்த பேட்டரி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டது, "குளிர்னா நாலுக்கும் குளிர்தானே, ஒண்ணுக்கு மட்டுமா குளிரும்?" குளிரில் லெட் ஆசிட் பேட்டரி கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் நாலும் சேர்ந்து ஒரே அளவில் குறையும். ஒன்று மட்டும் தனியாகக் கீழே போனால் அது குளிரின் வேலை இல்லை.

முதலில் டெர்மினல் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்த்தார். லூஸாக இருந்தாலும், பச்சை பூத்திருந்தாலும் இதே தொல்லை வரும். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் முழு சார்ஜில் வண்டியை எடுத்தோம். பின்சீட்டைக் கழற்றிவிட்டு என் அக்கா மகனை மல்டிமீட்டரோடு உட்கார வைத்தோம். கையிலிருந்த மோதிரத்தையும் வளையத்தையும் கழற்றச் சொன்னார் அண்ணன். இதை நீங்களும் மறக்காதீர்கள், இரும்போ தங்கமோ டெர்மினலுக்குக் குறுக்கே பட்டால் கை வெந்துவிடும். நான் மேட்டில் மெதுவாக ஏற்ற, அவன் ஒவ்வொன்றாகப் படித்தான். முதல் மூன்றும் 11.9, 11.8, 11.9. நாலாவது 8.4. இன்னும் கொஞ்ச தூரத்தில் அவன் "மாமா, ஆறு புள்ளி மூணு" என்று கத்தினான். மூன்றும் சேர்த்து 35.6, அதோடு 6.3, மொத்தம் 41.9. என் வண்டியின் கன்ட்ரோலர் 42 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்திவிடும். வண்டி நின்ற காரணம் அதுதான். மூன்று பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கும்போதே, அந்த ஒன்று மொத்தத்தையும் கீழே இழுத்துவிட்டது.

சீரிஸில் மாட்டினால் ஒரே கரண்ட் நாலுக்குள்ளும் போகும், நல்லதுக்கு அதிகம், சொத்தைக்குக் குறைவு என்று அது பார்த்துப் போகாது. அதனால் செட் ஓடும் தூரம் நாலின் சராசரி இல்லை, மோசமானது ஓடும் தூரம்தான். அது காலியான பிறகும் ஓட்டினால் மற்ற மூன்றும் அதற்குள் வலுக்கட்டாயமாகக் கரண்டைத் தள்ளும், அதன் செல்கள் தலைகீழாகத் திரும்பும். நின்று ஐந்து நிமிடம் கழித்து உயிர் வந்ததே, அந்த நூறு மீட்டர்களில் நானே அதை இன்னும் கொன்றிருக்கிறேன்.

மறுநாள் சார்ஜில் போட்டு அளந்தார். இங்கேதான் என் வயிறு எரிந்தது. நாலாவதில் 16.2, மற்ற மூன்றிலும் 13.9. கூட்டினால் 57.9. சார்ஜருக்கு ஒவ்வொரு பேட்டரியும் தனியாகத் தெரியாது, மொத்தம் மட்டும்தான் தெரியும். 58 வந்ததும் நிறைந்துவிட்டது என்று குறைத்துவிடும். சல்பேட் இறுகிய பேட்டரியில் வோல்ட்டேஜ் சட்டென்று ஏறும், அதனால் மொத்தமும் சீக்கிரம் ஏறியது, பச்சை விளக்கும் சீக்கிரம் வந்தது. 14.4 வரைக்கும் போக வேண்டிய மற்ற மூன்றும் ராத்திரிதோறும் அரைகுறையாகவே நின்றன. மூன்று மாதம் இப்படிப் பட்டினி கிடந்தால் நல்ல பேட்டரியிலும் சல்பேட் படியும். நாலாவதின் மேல் கை வைத்தேன், கொதிக்கும் குக்கர் மாதிரி சூடு. மற்றவை ஜில்லென்று இருந்தன. டிஸ்டில்ட் வாட்டர் அந்த ஒன்றுக்கு மட்டும் வாராவாரம் ஊற்றிக்கொண்டிருந்தேனே, அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்ததில் நாலாவதில் இரண்டு செல் 1150, 1170 காட்டியது, மிச்ச நாலு செல்லும் 1250 பக்கம். நல்ல மூன்று பேட்டரியும் 1200ஐத் தாண்டவில்லை. அவற்றைத் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் போட்டு மெதுவாக ஏற்றினார், 1220 வரைதான் வந்தது. போனது போனதுதான் என்றார்.

அப்புறம் துணியால் தூசியைத் துடைத்து சீரியல் எண்களைப் பார்த்தோம். மூன்றும் அடுத்தடுத்த எண்கள். நாலாவது எங்கேயோ கிடக்கும் எண், அதன் ஸ்டிக்கர் ஓரத்தில் பழைய பசையின் கறுப்புக் கோடு. வாரண்டி கார்டை எடுத்தேன். அதில் மூன்று எண்தான் எழுதியிருந்தது. நாலாவது வரி காலி. மூன்று மாதமாக அது என் வீட்டு அலமாரியில் இருந்தது, நான் ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

நாலாவதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கீழே போனேன். கடைக்காரர் கார்டைப் பார்த்தார். "இந்த நம்பர் கார்டுல இல்லையே தம்பி, இது எங்க பேட்டரியே இல்லை" என்றார். டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள். சரி, மற்ற மூன்றையாவது மாற்றிக் கொடுங்கள் என்றேன். "நீங்க செட்டைப் பிரிச்சு ஏதோ மாத்திட்டீங்க, வாரண்டி போச்சு. வேணும்னா புது செட் போடுறேன், உங்களுக்காக 44,000." 46,000 வாங்கி இன்னும் நாலு மாதம் முடியவில்லை, 44,000 கேட்கிறார். பக்கத்தில் நின்ற ஒருத்தர் சிரித்தார். அந்தப் பேட்டரியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நின்றபோது, கை வலித்ததா மனசு வலித்ததா தெரியவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டிருக்கிறேன். பில் இருக்கா என்றுதான் முதலில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது எஸ்டிமேட் சீட்டு.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு: பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நாலு சீரியல் எண்ணும் கார்டில் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே ஒப்பிட்டு, போனில் படம் எடுங்கள். லோட் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள், வைக்க மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். தூரம் குறைந்தால் அந்த வாரமே மேட்டில் நாலையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள், நான் செய்தது மாதிரி மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றலாம், ஆனால் செட் புதிதாக இருக்கும்போதுதான், அதே கம்பெனி, அதே ஏஎச், தனியாக முழு சார்ஜ் ஏற்றிய பிறகு. ஒரு வருடம் ஓடிய செட்டில் புதிதைச் சேர்த்தால் பழைய மூன்றும்தான் அப்போது சொத்தை.

வேறு என்னென்னவோ எழுத நினைத்தேன். ஸ்டாண்டில் என் முறை வந்துவிட்டது. பேட்டரி இருக்கும் அளவுக்கு மார்க்கெட் பக்கம் சமதளத்தில் மட்டும் ஓட்டுகிறேன், ரோஜா பூங்கா என்று கேட்டால் அடுத்த வண்டியைக் காட்டிவிடுகிறேன்.