முக வடிவம் பார்த்து ஹேர்ஸ்டைல் சொல்லும் ஆப்: ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

செல்ஃபி ஒன்றைக் கொடுத்தால் முக வடிவத்தைச் சொல்லி, பொருத்தமான ஹேர்ஸ்டைல்களையும் காட்டும் ஆப் இது. முதல் நாளே எனக்கு ‘நீள முகம்’ என்று சொல்லிவிட்டது. நெற்றியை மறைக்கும் ஃப்ரிஞ்ச், கன்னத்தின் இருபுறமும் அடர்த்தியான பாப் கட் என்று பரிந்துரையும் வந்தது. நீள முகத்துக்கு அது சரியான யோசனைதான், நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டிக் காட்டும். ஆனால் கண்ணாடியில் என் முகம் ஒருநாளும் நீளமாகத் தெரிந்ததில்லை.

அதனால் அளந்து பார்த்தேன். டேப்பைக் கன்னத்தின் மேல் வளைத்து அளந்தால் அகலம் கூடுதலாக வரும். எனவே கன்ன எலும்பின் இருபுறமும் ஒவ்வொரு புத்தகத்தை நேராக நிறுத்தி, இடைவெளியை இன்னொருவரை அளக்கச் சொன்னேன்: 14 செ.மீ. முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை நுனி வரை 18.5. அதாவது நீளம், அகலத்தைப் போல 1.3 மடங்கு. செல்ஃபியிலோ அது 1.6 மடங்கு!

காரணம் தூரம். ஃபோனை 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் மூக்கும் தாடையும் கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும். கன்னத்தின் ஓரங்கள் அதைவிடப் பல சென்டிமீட்டர் பின்னால் இருப்பதால் சுருங்கித் தெரியும், முகம் ஒடுங்கி நீண்டுவிடும். காதைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். கிட்டத்துப் படத்தில் காது கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், தள்ளி எடுத்ததில் நன்றாக வெளியே தெரியும்.

ஃபோனைக் கண் உயரத்தில் நிறுத்தி, டைமர் வைத்து, 5 அடி தள்ளி நின்று எடுத்தேன். முகத்தை மட்டும் கிராப் செய்து கொடுத்ததும் ‘வட்ட முகம்’ என்றது. பரிந்துரையும் தலைகீழானது: உச்சியில் கொஞ்சம் உயரம், பக்கவாட்டில் படிந்த முடி, தாடைக்குக் கீழே இறங்கும் லேயர். முன்பு சொன்ன பாப் கட்டை வெட்டியிருந்தால் கன்னம் இன்னும் அகலமாகத்தான் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஃபோனை மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நெற்றி பெரிதாகி, தாடை சிறுத்து, அதே முகம் ‘இதய வடிவம்’ ஆகிவிட்டது. சிரித்தால் கன்னம் விரிகிறது, முடி நெற்றியில் விழுந்தால் நீளம் குறைகிறது. முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரிக்காமல், தள்ளி நின்று எடுத்த சில படங்களில் ஒரே பதில் வந்தால்தான் இப்போது நம்புகிறேன். இரண்டு வடிவங்களுக்கு நடுவில் இருக்கும் முகங்களுக்கு அப்போதும் பதில் மாறலாம். பக்கவாட்டில் தாடை உள்வாங்கியிருக்கிறதா என்பது நேர்ப்படத்தில் தெரியவே தெரியாது.

ஆப்பின் பெரிய குறை வேறு. அது காட்டும் ஸ்டைல்கள் எல்லாம் நேர் முடிக்கானவை. எனக்குச் சுருட்டை முடி, ஈரமாக இருக்கும்போது தோளைத் தொடுவது காய்ந்ததும் தாடைக்கு ஏறிவிடும். வட்ட முகத்துக்கு ஆகாத நீளம் சரியாக அதுதான். ஆகவே முடி வெட்டும்போது படத்தைக் காட்டுவதோடு, காய்ந்த முடி எதுவரை வர வேண்டும் என்று கழுத்தில் விரல் வைத்தும் சொல்லிவிடுகிறேன்.